கிளம்பும்போது இமிகிரேஷன் கவுண்டரில் என்ன பார்க்கிறார்கள், நாம் என்ன கையில் வைத்திருக்க வேண்டும்

முதல் தடவை வெளிநாடு போகிறவர்கள் உள்ளே நுழையும் கவுண்டருக்குத்தான் விழுந்து விழுந்து தயாராவார்கள். ஹோட்டல் பதிவு, திரும்பும் டிக்கெட், பேங்க் கணக்கு விவரம் எல்லாம் ஒரு ஃபைலில் வரிசையாக இருக்கும். திரும்பும்போது அந்த ஃபைல் செக்-இன் செய்த பெட்டிக்குள் போய்விடும், போகிறவனை யார் பிடித்து வைக்கப் போகிறார்கள் என்ற தைரியம்தான். பத்தில் ஒன்பது தடவை அந்த தைரியம் பலிக்கவும் செய்யும், கவுண்டரில் அரை நிமிடம், ஒரு முத்திரை, முடிந்தது. மிச்சமிருக்கும் அந்த ஒரு தடவைக்காகத்தான் இந்தக் கட்டுரை.

இதில் நான் சொல்லப்போவது, ஒரு நாட்டில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, சுற்றுலாவோ உறவினர் வீடோ படிப்போ வேலையோ எதுவாக இருந்தாலும், அங்கிருந்து கிளம்பும் வெளிநாட்டவரின் விஷயம். சொந்த நாட்டிலிருந்து கிளம்பும்போது நடக்கும் சோதனை வேறு மாதிரி, அதைக் கடைசியில் சுருக்கமாகத் தொடுகிறேன்.

அந்தக் கவுண்டரில் இருக்கும் அதிகாரி உங்கள் பாஸ்போர்ட்டை இயந்திரத்தில் வைத்ததும் திரையில் தேடுவது ஒன்றைத்தான், நீங்கள் உள்ளே வந்தபோது பதிந்த பதிவு. வந்த ஆளும் போகிற ஆளும் ஒன்றா, வந்த பாஸ்போர்ட்டும் இதுவும் ஒன்றா, கொடுத்த நாட்களுக்குள் கிளம்புகிறாரா, இவரை வெளியே விடக்கூடாது என்று போலீஸோ நீதிமன்றமோ வரித்துறையோ குறிப்பு போட்டிருக்கிறதா. நான்கும் பொருந்தினால் கேள்வியே இருக்காது. ஏதாவது ஒன்று இடித்தால் மட்டும்தான் அவர் தலை நிமிர்ந்து உங்களைப் பார்ப்பார். அதனால் நாம் செய்ய வேண்டிய வேலையும் இதுதான், அவர் பார்ப்பதற்கு முன்னால் நாமே ஒருமுறை பொருத்திப் பார்த்துக்கொள்வது.

ஒரு விஷயம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லா நாட்டிலும் கிளம்பும்போது கவுண்டர் இருக்காது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் மூன்றிலும் விமான நிலையத்தில் வெளியேறும் இமிகிரேஷன் கவுண்டர் என்று வழக்கமாக ஒன்று கிடையாது. பாதுகாப்புச் சோதனை முடிந்தால் நேரே கேட்தான். அதற்காக நீங்கள் போனது அவர்களுக்குத் தெரியாது என்று அர்த்தமில்லை, விமான நிறுவனம் அனுப்பும் பயணிகள் விவரத்திலிருந்து உங்கள் வெளியேற்றம் பதிவாகிவிடும். அமெரிக்காவில் உங்கள் வருகை, வெளியேற்றம் இரண்டையும் ஐ-94 என்ற பதிவில் i94.cbp.dhs.gov தளத்தில் நீங்களே பார்க்கலாம். கவுண்டர் இல்லாத நாட்டிலிருந்து கிளம்பினால் போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்ளுங்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஒரு வாரத்துக்கு முன்: நாளை எண்ணுங்கள்

வெளியேறும் கவுண்டரில் வரும் சிக்கல்களில் முக்கால்வாசி நாள் கணக்குதான். அதுவும் வேண்டுமென்று தங்கியவர்களைவிடத் தப்பாக எண்ணியவர்கள்தான் பாவம் அதிகம் மாட்டுகிறார்கள்.

முதல் குழப்பம் விசா தேதி. விசாவில் ஒரு முடிவுத் தேதி இருக்கும். பல நாடுகளில் அது நீங்கள் உள்ளே நுழைவதற்கான கெடுதான், தங்குவதற்கான கெடு இல்லை. எவ்வளவு நாள் இருக்கலாம் என்பது நுழைவு முத்திரையிலோ, கையில் கொடுத்த சீட்டிலோ, மின்னஞ்சலில் வந்த அனுமதியிலோ, இணையப் பதிவிலோ தனியாக இருக்கும். பத்து வருட விசா வைத்துக்கொண்டு ஆறு மாத அனுமதியைத் தாண்டிவிட்டு, விசாவைக் காட்டி வாதாடுகிறவர்கள் உண்டு, வாதம் எடுபடாது. நேர்மாறாகவும் நடக்கும், விசாவில் மூன்று மாதம் செல்லுபடி என்று இருக்கும், தங்கும் நாள் என்ற இடத்தில் 15 என்று இருக்கும். அந்த 15 தான் கணக்கு.

இரண்டாவது குழப்பம், வந்த நாளை எண்ணுவதா வேண்டாமா என்பது. எண்ணுங்கள். பெரும்பாலான நாடுகளில் வந்த நாள் முதல் நாள், போகிற நாளும் சேர்த்தி. சந்தேகமாக இருந்தால் இரண்டையும் சேர்த்தே எண்ணிக்கொள்ளுங்கள், தப்பே நடந்தாலும் அது உங்களுக்குச் சாதகமான பக்கம்தான் போகும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் மார்ச் 12ஆம் தேதி இறங்குகிறார், 30 நாள் அனுமதி. மனக்கணக்கில் ஏப்ரல் 12 என்று வரும், ஒரு மாதம்தானே என்று. உண்மையில் மார்ச் 12இலிருந்து 31 வரை 20 நாள், மிச்சம் பத்து, ஆக ஏப்ரல் 10தான் கடைசி நாள். மார்ச்சுக்கு 31 நாள், வந்த நாளும் கணக்கில் சேர்ந்துவிட்டது, இரண்டு நாள் காணாமல் போய்விட்டது.

சரி, அவர் இதைச் சரியாகவே எண்ணிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 10ஆம் தேதி இரவு விமானம் என்று டிக்கெட் போடுகிறார். டிக்கெட்டைப் பார்த்தால் ஏப்ரல் 11, அதிகாலை 1.20. நாம் பேச்சில் 'பத்தாம் தேதி ராத்திரி ஃப்ளைட்' என்றுதான் சொல்வோம், ஆனால் பதிவில் விழுவது நீங்கள் கவுண்டரைத் தாண்டும் நேரத்தின் தேதி. விமானம் மேலே எழும் நேரம் அங்கே கணக்கில் வராது. இவர் பத்தாம் தேதி இரவு 11.40க்குக் கவுண்டரைத் தாண்டிவிட்டால் 30ஆவது நாள், சுத்தம். வரிசை நீண்டு 12.05 ஆகிவிட்டால் 31ஆவது நாள், ஓவர்ஸ்டே. செக்-இன் வழக்கமாக மூன்று மணி நேரம் முன்னால்தான் திறக்கும், அதாவது 10.20. பெட்டி போட்டு, பாதுகாப்பு முடித்து, கவுண்டருக்குப் போக ஒரு மணி நாற்பது நிமிடம் இருக்கிறது. போதும்தான். ஆனால் செக்-இன் தாமதமாகத் திறந்தால், அல்லது விமானமே நான்கு மணி நேரம் தள்ளிப்போய் அதனால் கவுண்டருக்கே விடவில்லை என்றால்? அதனால் கடைசி நாளில் டிக்கெட் போடாதீர்கள். இரண்டு நாள் விட்டுப் போடுங்கள், நள்ளிரவு தாண்டிய விமானம் என்றால் மூன்று நாள்.

ஷெங்கன் நாடுகளில், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாமல் ஒன்றாக இயங்கும் ஐரோப்பிய நாடுகளில், கணக்கு இன்னும் கொஞ்சம் வளைந்தது. எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. இதை 'ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு புதிதாகத் தொடங்கும்' என்று புரிந்துகொள்கிறவர்கள் அதிகம். அப்படி இல்லை, ஒவ்வொரு நாளும் அன்றிலிருந்து பின்னோக்கி 180 நாளைப் பார்ப்பார்கள். ஜனவரி 5 முதல் பிப்ரவரி 3 வரை ஒருவர் 30 நாள் இருந்தார். மறுபடி மே 1ஆம் தேதி வந்தார். எதுவரை இருக்கலாம்? மே மாதத்தில் 31, ஜூன் 29 வரை 29, ஆக 60 நாள். ஜூன் 29 என்பது லீப் இல்லாத வருடத்தில் 180ஆவது நாள், அன்று பின்னோக்கிப் பார்த்தால் ஜனவரி 1 வரை போகும், பழைய 30 நாளும் முழுசாக உள்ளே இருக்கிறது. 30 + 60 = 90. எனவே ஜூன் 29 கடைசி, ஜூன் 30 அன்று கிளம்பினால் 91. விசாவில் ஜூலை வரை செல்லுபடி என்று இருந்தாலும் இதே கணக்குதான், விசாவில் நாட்களை அதைவிடக் குறைத்துப் போட்டிருந்தால் அந்தக் குறைந்த கணக்கு. ஐரோப்பிய ஆணையத்தின் தளத்தில் இதற்கென்றே ஒரு கணிப்பான் இருக்கிறது, கையால் போட்டுவிட்டு அதிலும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முன்பெல்லாம் அங்கே அதிகாரி முத்திரைகளைப் புரட்டி விரல் விட்டு எண்ணுவார், தேதி மங்கலாக இருந்தால் விட்டுவிடுவதும் உண்டு. 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக அந்த இடத்துக்கு மின்பதிவு வந்துவிட்டது, முகப்படமும் நான்கு விரல் ரேகையும் எடுக்கிறார்கள், பன்னிரண்டு வயதுக்குக் கீழ் என்றால் ரேகை கிடையாது. நாளை இயந்திரமே எண்ணும். இயந்திரத்துக்கு மங்கலான தேதி என்று ஒன்று இல்லை.

பாஸ்போர்ட் பொருந்துகிறதா

உள்ளே வந்த பாஸ்போர்ட்டையே வெளியே போகும்போதும் காட்ட வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது, இரண்டு வகை ஆட்கள் இதில் சறுக்குகிறார்கள்.

ஒன்று, வெளிநாட்டில் இருக்கும்போதே பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தவர்கள் அல்லது தொலைத்துவிட்டுப் புதிது வாங்கியவர்கள். புதிய பாஸ்போர்ட்டில் நுழைவு முத்திரை இல்லை, எண் வேறு. திரையில் தேடினால் இந்த எண்ணில் யாருமே உள்ளே வரவில்லை. பழைய பாஸ்போர்ட் ரத்து செய்யப்பட்டுக் கையில் இருந்தால் இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள், விசா பழையதில் இருந்தால் அது கட்டாயம். தொலைந்துபோயிருந்தால் போலீஸ் புகார் நகலும், வாய்ப்பிருந்தால் பழைய பாஸ்போர்ட்டின் முகப்புப் பக்கம், நுழைவு முத்திரை இரண்டின் போட்டோவும். சில நாடுகளில் அதுவே போதாது, அங்குள்ள இமிகிரேஷன் அலுவலகத்துக்கு முன்கூட்டியே போய் புதிய பாஸ்போர்ட்டுக்கு அனுமதியை மாற்றிக்கொள்ள வேண்டும், அல்லது வெளியேறுவதற்கான தனி அனுமதி வாங்க வேண்டும். அது விமான நிலையத்தில் கிடைக்காது, அலுவலகம் வார நாளில் மட்டும்தான் திறந்திருக்கும். தூதரகத்தில் புதிய பாஸ்போர்ட்டை வாங்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள், அவர்களுக்கு அந்த ஊர் நடைமுறை அத்துப்படி.

இன்னொன்று, இரண்டு குடியுரிமை உள்ளவர்கள். இவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, கவுண்டர்களை மனதில் பிரித்துக்கொள்வது. செக்-இன் ஆட்கள் பார்ப்பது போகிற நாடு உங்களை ஏற்குமா என்பதை, அதனால் அவர்களுக்குப் போகிற நாட்டில் நுழையப் போகும் பாஸ்போர்ட். இமிகிரேஷன் பார்ப்பது இந்த நாட்டில் நீங்கள் இருந்ததை, அதனால் அவர்களுக்கு இந்த நாட்டில் நுழைந்த பாஸ்போர்ட். மாற்றிக் கொடுத்தால் இங்கே வராதவர் கிளம்புகிறார் என்று ஒரு பதிவும், வந்தவர் கிளம்பவே இல்லை என்று இன்னொரு பதிவும் உருவாகும்.

குடியிருப்பு அனுமதி உள்ளவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது

வேலைக்கோ படிக்கவோ வந்து குடியிருப்பு அட்டையோடு இருப்பவர்களுக்கு நாள் கணக்குப் பிரச்சினை குறைவு. அவர்களுக்குப் பிரச்சினை திரும்பி வருவதில், அதன் விதை கிளம்பும் கவுண்டரிலேயே விழுகிறது.

ஜப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே குடியிருப்பு அட்டை உள்ளவர் ஒரு வருடத்துக்குள் திரும்பி வருவதாக இருந்தால் தனியாக மறுநுழைவு அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஆனால் கிளம்பும்போது கொடுக்கும் அட்டையில், திரும்பி வரப்போகிறேன் என்ற கட்டத்தில் டிக் போட்டு, குடியிருப்பு அட்டையையும் காட்ட வேண்டும். டிக் போடாமல் கிளம்பினால் அந்தக் குடியிருப்பு நிலையை விட்டுவிட்டுப் போனதாகத்தான் ஆகும். ஒரு சின்னக் கட்டம்தான், பேனா இல்லை என்று விட்டுவிடும் அளவுக்குச் சின்னது.

சவுதியில் வேலை அனுமதியில் இருப்பவர் விடுமுறைக்குப் போகவே போய்வரும் விசா வேண்டும், ஒரேயடியாகப் போவதற்கு இறுதி வெளியேற்ற விசா என்று வேறொன்று. இரண்டில் எது உங்கள் பெயரில் போடப்பட்டிருக்கிறது என்பதைக் கிளம்பும் முன் நீங்களே இணையத்தில் பாருங்கள், கம்பெனியில் சொன்னார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். குவைத்தில் தனியார் துறையில் வேலை செய்யும் வெளிநாட்டவர் கிளம்ப, முதலாளி ஒப்புதலோடு வெளியேறும் அனுமதி வேண்டும் என்பது 2025 ஜூலை 1 முதல் நடைமுறை. இப்படி அனுமதி கேட்கும் நாடுகளில் கவுண்டர் அதிகாரியிடம் கெஞ்சிப் பயனில்லை, திரையில் அனுமதி இருந்தால் விடுவார், இல்லாவிட்டால் அவருக்கே விட அதிகாரம் கிடையாது.

விசா நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டு முடிவு வருவதற்குள் கிளம்புகிறவர்கள், விண்ணப்ப ரசீதைத் தாளில் வைத்திருங்கள். திரையில் பழைய தேதிதான் தெரியும்.

விமான நிலையத்தில்

வரிசை நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும், சில இடங்களில் பாதுகாப்புச் சோதனை முதலில், சில இடங்களில் இமிகிரேஷன் முதலில். எப்படியிருந்தாலும் செக்-இன் அதற்கும் முந்தியது. அங்கே கேட்கும் கேள்விகளையும் இமிகிரேஷன் கேள்விகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 'அங்கே விசா இருக்கிறதா, திரும்பும் டிக்கெட் இருக்கிறதா' என்பது விமான நிறுவனத்தின் கவலை, விசா இல்லாத ஆளைக் கொண்டுபோய் இறக்கினால் அபராதமும் திருப்பி அழைத்து வரும் செலவும் அவர்கள் தலையில். அதனால் போகிற நாட்டுக்கான தாள்களைச் செக்-இன் வரை கைப்பையில் வைத்திருங்கள்.

வெளியேறும் சோதனை எந்த விமான நிலையத்தில் நடக்கும் என்பதையும் கவனியுங்கள். உள்நாட்டு விமானத்தில் ஒரு நகரத்துக்குப் போய் அங்கிருந்து வெளிநாட்டு விமானம் என்றால், வழக்கமாகக் கடைசியாக அந்த நாட்டை விட்டுப் புறப்படும் இடத்தில்தான் சோதனை. ஷெங்கனுக்குள்ளும் அப்படித்தான், ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போய் அங்கிருந்து வெளியே பறந்தால், இரண்டாவது நாட்டின் விமான நிலையத்தில்தான் வெளியேற்றம் பதிவாகும். அந்த மாறும் நேரத்துக்குள் இமிகிரேஷன் வரிசையும் அடங்க வேண்டும். 50 நிமிட இடைவெளியில் டிக்கெட் எடுத்துவிட்டு ஒரு நீளமான வரிசையின் வாலில் நின்று, எனக்கு முன்னால் இருந்தவர்களிடம் எல்லாம் போர்டிங் பாஸைக் காட்டிக் கெஞ்சி முன்னால் போனவன் நான். எல்லோரும் விட்டார்கள், ஒருவர் மட்டும் அவருடைய போர்டிங் பாஸை எடுத்துக் காட்டினார், அவருக்கு 35 நிமிடம்தான் இருந்தது.

கவுண்டரில் கொடுக்க வேண்டியது பாஸ்போர்ட், போர்டிங் பாஸ், குடியிருப்பு அட்டை இருந்தால் அது, உள்ளே வரும்போது கையில் கொடுத்த சீட்டு ஏதாவது இருந்தால் அதுவும். உறையைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள், தொப்பி, கூலிங் கிளாஸ் கழற்றிவிட்டு நில்லுங்கள், போன் பேசாதீர்கள். முத்திரை இருக்கும் பக்கத்தில் ஒரு காகிதத்தைச் செருகி வைத்தால் நிறைய முத்திரை உள்ளவர்களுக்கு வேலை சீக்கிரம் முடியும்.

கேள்வி வந்தால் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். எப்போது வந்தீர்கள், எங்கே போகிறீர்கள், எங்கே தங்கியிருந்தீர்கள், இங்கே என்ன செய்தீர்கள். வந்த தேதியைக் கேட்பது சும்மா இல்லை, திரையில் பதிவு சரியாக வராதபோது அதைத் தேடிப் பிடிக்கத்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். அதனால் தேதியையும் வந்த விமானத்தின் எண்ணையும் போனில் குறித்து வைத்திருந்தால் நல்லது. 'என்ன செய்தீர்கள்' என்ற கேள்வி சுற்றுலா விசாவில் ரொம்ப நாள் இருந்தவர்களிடமும் அடிக்கடி வந்து போகிறவர்களிடமும் வரும், அதற்குப் பின்னால் இருக்கும் கேள்வி வேலை பார்த்தீர்களா என்பது. அக்கா வீட்டில் இருந்தேன், குழந்தையைப் பார்த்துக்கொண்டேன் என்று ஒருவர் பெருமையாகச் சொல்லி, அது சம்பளத்துக்கா என்று அடுத்த கேள்வி வந்து, பத்து நிமிடம் விளக்கிக்கொண்டு நின்றதை நேரில் பார்த்திருக்கிறேன். பொய் சொல்லச் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், அக்கா வீட்டுக்கு வந்தேன், ஆறு வாரம், இன்று திரும்புகிறேன், அவ்வளவுதான். தெரியாத கேள்வியென்றால் புரியவில்லை என்று சொல்லுங்கள். புரியாமல் 'யெஸ்' சொல்வதுதான் நம்மவர்களை அதிகம் மாட்டிவிடும் வார்த்தை.

தானியங்கிக் கேட் இருந்தால், அதில் போக உங்களுக்கு அனுமதி இருக்கிறதா என்று பலகையைப் பாருங்கள். நாள் கணக்கில் சந்தேகம் உள்ளவர்களும் புதிய பாஸ்போர்ட்காரர்களும் குழந்தையோடு இருப்பவர்களும் நேராக ஆள் இருக்கும் கவுண்டருக்கே போவது மேல். கேட் உங்களை ஏற்காவிட்டால் எப்படியும் அங்கேதான் அனுப்புவார்கள், அதற்குள் வரிசை இன்னும் நீண்டிருக்கும்.

முத்திரையைப் பார்த்துவிட்டு நகருங்கள்

முத்திரை குத்தும் நாடு என்றால், கவுண்டரை விட்டு இரண்டடி தள்ளி நின்று பக்கத்தைத் திறந்து பாருங்கள். தேதி சரியா, அது வெளியேறும் முத்திரைதானா. மின்பதிவு வருவதற்கு முன் ஷெங்கனில் குத்திய முத்திரையில் வித்தியாசம் எளிது, நுழைவு முத்திரையின் மூலைகள் கூராக இருக்கும், வெளியேறும் முத்திரையின் மூலைகள் வளைந்திருக்கும், அம்புக்குறியும் வெளியே பார்க்கும். மேலே நாட்டின் எழுத்து, இன்னொரு மூலையில் விமானமோ கப்பலோ காரோ ரயிலோ ஒரு சின்னப் படம், நடுவில் தேதி, கீழே இடத்தின் பெயர்.

எனக்கு ஒருமுறை தரைவழி எல்லையில் தேதிச் சக்கரத்தைத் திருப்ப மறந்து முந்தின நாள் தேதியிலேயே குத்திவிட்டார்கள். அடுத்த நாட்டுக் கவுண்டரில் அது கண்ணில் பட்டது, இரண்டு எல்லைக்கும் நடுவே ஒரு ராத்திரி எங்கே படுத்தாய் என்று அந்த அதிகாரி சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனாலும் திரும்ப நடந்துபோய் அடித்துத் திருத்தி வாங்கி வரச் சொன்னார். ஒரு மணி நேரம் போனது. அங்கேயே பார்த்திருந்தால் ஒரு நிமிடம்.

முத்திரையே குத்தாத நாடுகளும் உண்டு. ஹாங்காங் 2013இலேயே நிறுத்திவிட்டது, சிங்கப்பூரிலும் இப்போது எல்லாம் மின்பதிவுதான். அங்கே முத்திரை கேட்டு அடம்பிடிக்க வேண்டாம், போர்டிங் பாஸை வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

தரைவழி எல்லைதான் உண்மையில் ஆபத்தான இடம். பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கும்போது வெளியேறும் கவுண்டர் ஒரு ஓரத்தில் இருக்கும், கூட்டத்தோடு நடந்தால் அதைத் தாண்டி அடுத்த நாட்டுக் கவுண்டருக்கே போய் நின்றுவிடலாம். அப்படிப் போனால் முதல் நாட்டின் பதிவில் நீங்கள் இன்னும் அங்கேயே இருக்கிறீர்கள். அடுத்த தடவை அங்கே போகும்போதுதான் அது வெடிக்கும். அப்போது கைகொடுப்பது அடுத்த நாட்டின் நுழைவு முத்திரை, பஸ் டிக்கெட், போர்டிங் பாஸ், அந்தத் தேதிகளில் வேறு ஊரில் இருந்ததைக் காட்டும் எதுவானாலும். போர்டிங் பாஸை வைத்திருங்கள் என்று ஆரம்பத்திலேயே சொன்னது இதற்காகத்தான், கவுண்டரே இல்லாத நாட்டில் உங்கள் வெளியேற்றம் பதிவாகாமல் போனாலும் இதே தாள்தான் சாட்சி.

நாள் தாண்டிவிட்டால்

ஒளிக்காதீர்கள், ஒளிக்கவும் முடியாது. கவுண்டரில் தெரியவந்ததும் பக்கத்து அறைக்கு அழைத்துப் போவார்கள், ஒரு படிவம், கையெழுத்து, அபராதம் உள்ள நாடாக இருந்தால் ரசீது. தாய்லாந்தில் ஒரு நாளுக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000 பாட் என்று கணக்கு நேரடியானது. ஆனால் 90 நாளுக்கு மேல் தாண்டியிருந்தால், தானாகக் கிளம்பினாலும் ஒரு வருடம் திரும்ப வர முடியாது. வேறு நாடுகளில் அபராதமே இல்லாமல் பதிவு மட்டும் விழும், அது இன்னும் மோசம், அடுத்த விசா மறுக்கப்படும்போதுதான் தெரியும். ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள், விமானம் ரத்தானது என்று காரணம் இருந்தால் அதற்கான தாளைக் காட்டி, அதைப் பதிவில் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். அபராத ரசீதை எறியாதீர்கள். விமான நிலையத்துக்கு வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னதாகப் போங்கள், ஏனென்றால் அந்த அறையில் உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. சில வாரங்களுக்கு மேல் தாண்டியிருந்தால் விமான நிலையத்துக்கு நேராகப் போகவே போகாதீர்கள், முதலில் ஊருக்குள் இருக்கும் இமிகிரேஷன் அலுவலகம், தேவைப்பட்டால் ஒரு வக்கீல்.

இதன் இன்னொரு வடிவம், கவுண்டரைத் தாண்டிய பிறகு விமானம் ரத்தாவது. நீங்கள் காகிதத்தில் நாட்டை விட்டுப் போய்விட்டீர்கள், உடம்பு மட்டும் கேட் பக்கத்தில் இருக்கிறது. ஹோட்டலில் தங்க வெளியே வர வேண்டுமென்றால் விமான நிறுவன ஆட்கள் கூட்டிக்கொண்டு வருவார்கள், இமிகிரேஷனில் அந்த வெளியேற்றத்தை ரத்து செய்வார்கள், முத்திரை இருந்தால் அதன்மேல் ரத்து என்று குத்துவார்கள் அல்லது குறுக்கே கோடு போடுவார்கள். அது நடந்ததா என்று பாருங்கள், ஒருமுறை நுழைவு விசா உள்ளவர்கள் முக்கியமாக. விமானம் ரத்தானது என்று நிறுவனத்திடம் ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள், அன்று உங்களுக்குக் கடைசி நாளாக இருந்திருந்தால் மறுநாள் அந்தக் கடிதம்தான் பேசும்.

குழந்தையோடு, அப்புறம் சொந்த நாட்டிலிருந்து

அம்மாவோ அப்பாவோ ஒருவர் மட்டும் குழந்தையோடு கிளம்பினால், மற்றவரின் சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றிதழும் கையில் இருக்கட்டும். எல்லா இடத்திலும் கேட்க மாட்டார்கள். கேட்கும் இடத்தில், உதாரணமாக பிரேசில் குடியுரிமை உள்ள குழந்தை ஒரு பெற்றோரோடு அந்த நாட்டை விட்டுக் கிளம்பும்போது, சும்மா எழுதிய கடிதம் செல்லாது, கையெழுத்து சான்றளிக்கப்பட்டிருக்க வேண்டும். கடிதத்தில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த நாட்டுக்கு, யாரோடு என்பதும், சம்மதம் தருபவரின் போன் எண்ணும் இருக்கட்டும், அந்த எண்ணுக்கு அப்போதே கூப்பிட்டுப் பார்ப்பதும் உண்டு, அதனால் அவரைப் போனை எடுக்கச் சொல்லிவையுங்கள். அம்மாவின் பாஸ்போர்ட்டில் பழைய குடும்பப் பெயர் இருந்தால் திருமணச் சான்றிதழும் சேர்த்து.

சொந்த நாட்டிலிருந்து கிளம்பும்போது நாள் கணக்கு கிடையாது, அங்கே பார்ப்பது உங்களை வெளியே விடத் தடை இருக்கிறதா, நீங்கள் சொல்லும் காரணமும் விசாவும் ஒத்துப்போகிறதா என்பதை. சுற்றுலா விசாவில் போகும் இளைஞரிடம் ஏஜென்ட் கொடுத்த வேலைக் கடிதம் பையில் இருந்தால் கேள்வி நீளும், நியாயமாகவும் நீளும், ஆட்களைக் கடத்திப்போய் ஏமாற்றுவதைப் பிடிப்பதற்கான இடமும் அந்தக் கவுண்டர்தான். பிலிப்பைன்ஸில் இதற்காகவே கிளம்பும் குடிமக்களைத் தனியாக உட்காரவைத்து விசாரிக்கும் நடைமுறை இருக்கிறது. யார் செலவு செய்கிறார்கள், அங்கே யாரைத் தெரியும், எப்போது திரும்புவீர்கள் என்பதுதான் கேள்விகள். ஏஜென்ட் சொல்லிக்கொடுத்ததைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தால் அதிகாரிக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும், அன்றைக்கே அதே வரியை இன்னும் சிலர் சொல்லியிருப்பார்கள்.